மஞ்சள் பெட்டிக்கு ஒரு பெயர்

இன்னாசிமுத்து மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினார். அறுபது வயதைத் தாண்டியவர் அப்படி ஏறக் கூடாதென்று கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் கத்தியது அவர் காதில் விழவில்லை.

மாடியில் ஒரே ஓர் அறை. வாசலில் 'சொற்கூடம்' என்று பலகை. உள்ளே நப்பின்னை சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். அவருக்கு நாற்பது வயது. அந்த அறையில் அவர்தான் ஆசிரியர். இன்னாசிமுத்து மாணவர்.

"டீச்சர், பிறந்துவிட்டது!"

"தாயும் பிள்ளையும் நலமா?"

"விளையாடாதீங்க டீச்சர். மஞ்சள் பெட்டிக்குப் பெயர் கிடைச்சிருச்சு."

நப்பின்னை டப்பாவை மூடினார்.

தமிழுக்குப் புதிதாக ஒரு பொருள் வந்தால், அதற்குப் பெயர் கேட்டு அந்த அறைக்கு ஆட்கள் வருவார்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள், மோட்டார் விற்பவர்கள், பாடநூல் எழுதுபவர்கள். இந்த முறை வந்தவர்கள் செந்தாழைத்துறை படகுச் சங்கத்தார். கையில் ஒரு மஞ்சள் பெட்டி. டிபன் பாக்ஸ் அளவு. மேலே சிறிய மூடி, அதற்குள் ஒரு பொத்தான், பக்கத்தில் ஒரு விளக்கு. படகு ஆபத்தில் இருந்தால் பொத்தானை ஒருமுறை அமுக்க வேண்டும். செயற்கைக்கோள் வழியாகக் கரையில் இருக்கும் அறைக்குச் செய்தி போகும். விளக்கு சிவப்பாக மின்னும். கரையில் பார்த்துப் பதில் அனுப்பினால், சற்று நேரத்தில் பச்சையாகும். தவறி அமுக்கிவிட்டால், இன்னொரு முறை அமுக்கினால் செய்தி ரத்தாகிவிடும். அவ்வளவுதான்.

"கம்பெனிக்காரன் 'பீக்கன்'னு பெயர் வச்சிருக்கான்மா," என்று சங்கச் செயலாளர் சொல்லியிருந்தார். "சங்க ஆபீஸே சிரிக்குது. சாகப் போறவன் அதைச் சொல்லிட்டுத்தானா சாகணும்?"

எல்லாப் படகுக்கும் பெட்டி வருகிறது. லேபிள் அச்சடிக்கும் நாள் நெருங்கிவிட்டது.

"சொல்லுங்க அண்ணாச்சி," என்றார் நப்பின்னை.

இன்னாசிமுத்து நெஞ்சில் கை வைத்து மூச்சை நிதானப்படுத்திக்கொண்டார்.

"கூவி."

நப்பின்னை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு வேகமாக, காற்றில் கத்துகிறவர் போல, "கூவி! கூவியை எடு! கூவி எங்கே? கூவிக்கு பேட்டரி போட்டியா?" என்றார்.

இன்னாசிமுத்துவின் முகம் விரிந்தது.

"நாக்கு இடறலையே டீச்சர்?"

"இடறலை. எந்த வேற்றுமையும் ஒட்டுது. எப்படிப் பிடிச்சீங்க?"

"பாக்குவெட்டியிலிருந்து."

"பாக்குவெட்டியா?"

"நீங்க சொன்னதுதான். தொலைபேசி எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டேன். அடுக்களையிலிருந்து வந்துச்சுன்னீங்க. பாக்கு வெட்டுறது பாக்குவெட்டி. தேங்காய் துருவுறது துருவி. மண் வெட்டுறது மண்வெட்டி. செய்கிற வேலையை எடுத்து அது பின்னால ஓர் இகரம் வச்சா கருவி. தொலைவிலிருந்து பேசுறது தொலைபேசி. பாக்குவெட்டிக்குத் தங்கச்சி. அப்போ ஆபத்துல கூவுறது?"

"கூவி."

"மூணு எழுத்துகூட இல்லை!"

இன்னாசிமுத்து தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கம்பி இழுத்தார், கம்பம் ஏறினார், பிறகு எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்தார். அங்கே எல்லாரும் போன் என்றார்கள். பலகையில் மட்டும் தொலைபேசி என்று இருந்தது. அந்தப் பலகையைத் தினமும் பார்த்துக்கொண்டே உள்ளே போவார். யாரோ ஒருவர் உட்கார்ந்து இதைச் செய்திருக்கிறார் என்று ஒருநாள் தோன்றியது. அந்த நினைப்பு பிறகு அவரை விடவில்லை.

"பிள்ளை பெறுமா?" என்று நப்பின்னை கேட்டார்.

அதற்கும் அவர் ஆயத்தமாக இருந்தார்.

"கடலுக்குக் கடற்கூவி. மலையேறுறவனுக்கு மலைக்கூவி. வீட்டில் தனியா இருக்கிற வயசானவங்களுக்கு வீட்டுக்கூவி. தொலைபேசியில் பாதி உடைஞ்சு, அந்தப் பேசி இருக்கே, அது கைபேசியாச்சு, அலைபேசியாச்சு, திறன்பேசியாச்சு. அந்த மாதிரி இதுவும் குடும்பம் நடத்தும் டீச்சர்."

"கம்ப்யூட்டருக்குக் கணிப்பொறி இருந்ததே. அதுவும் நல்ல சொல்தான். கணினி ஏன் முந்திச்சு?"

"சின்னது. மடிமேல் வச்சால் மடிக்கணினி. மடிக்கணிப்பொறின்னு சொல்லிப் பாருங்க, மடி வலிக்கும்."

நப்பின்னை சிரித்துவிட்டார்.

"கணிப்பான்?"

"அந்த நாற்காலியில் கால்குலேட்டர் உட்கார்ந்துக்கிச்சு. கூவியில் யாரும் உட்காரலை. நாற்காலி காலி. அகராதியெல்லாம் பார்த்துட்டேன்."

"நல்லா படிச்சிருக்கீங்க."

"அப்போ லேபிளுக்குக் கொடுத்திரலாமா?"

இன்னாசிமுத்து மேசைமேல் இருந்த கலைச்சொல் தொகுதியை எடுத்தார். சொற்கூடம் ஆண்டுக்கு ஒருமுறை வெளியிடுவது. சொல்லுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஆக்கியவர் பெயர் இருக்கும். அவர் ஒரு பக்கத்தைத் திறந்து விரலால் தொட்டார்.

"வேலையில் இருந்தவரைக்கும் மற்றவங்க பேசுறதுக்குக் கம்பி இழுத்துக் கொடுத்தேன் டீச்சர். நான் பேசினதுன்னு எதுவும் இல்லை. ஒரே ஒரு சொல். அதுக்குப் பக்கத்தில் இன்னாசிமுத்துன்னு இருக்கணும். அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

"தெரியும் அண்ணாச்சி."

"ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. ஒரு சொல் நிலைச்சுட்டுதுன்னு எப்படித் தெரியும்?"

நப்பின்னை எழுந்து அலமாரியிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்தார். திறந்தார். உள்ளே கருப்பட்டித் துண்டுகள்.

இன்னாசிமுத்துவுக்கு அந்த டப்பாவைத் தெரியும். சொற்கூடத்தின் வழக்கம் அது. புதுச்சொல்லை அதற்குமுன் கேட்டறியாத ஆட்களிடம், பொருளோடு சேர்த்துக் கொடுத்துப் பார்ப்பார்கள். அப்போது சொல்லை ஆக்கியவரும் அங்கே நிற்க வேண்டும். விளக்கம் சொல்லக் கூடாது. சைகை காட்டக் கூடாது. அதற்காக வாயில் ஒரு கருப்பட்டித் துண்டு. மெல்லக் கூடாது. அது கரையும்வரை பேச்சில்லை.

"ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சு வாங்க," என்றார் நப்பின்னை. "துறைக்குப் போவோம்."

ஞாயிறன்று செந்தாழைத்துறையில் யாரும் கடலுக்குப் போவதில்லை. படகுகள் தோளோடு தோள் உரசி நின்றன. சங்கச் செயலாளர் கரை அறையில் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். நப்பின்னையின் கைபேசியில் அவர் இணைப்பில் இருந்தார்.

நப்பின்னை இரண்டு பெட்டிகள் கொண்டு வந்திருந்தார். ஒன்றில் 'கூவி' என்று பெரிய எழுத்தில் தாள் ஒட்டியிருந்தது. மற்றதில் ஒன்றும் இல்லை.

"இது எதுக்கு மொட்டையா?" என்றார் இன்னாசிமுத்து.

நப்பின்னை கருப்பட்டியை நீட்டினார். அவர் வாயில் போட்டுக்கொண்டார்.

முதல் படகில் தொம்மையும் அவர் மச்சான் மிக்கேலும் இருந்தார்கள். பெட்டியைப் பற்றி அவர்களுக்கு எதுவும் தெரியாது. நப்பின்னை பெயர் ஒட்டிய பெட்டியைக் கொடுத்தார்.

"அண்ணே, உங்க படகில் தண்ணி ஏறுது. இஞ்சின் நின்னுபோச்சு. இது ஒண்ணுதான் கையில் இருக்கு. கரைக்குத் தெரியணும். என்ன செய்வீங்க?"

"நல்ல நாளும் அதுவுமா என்ன வார்த்தை சொல்லுதீங்கம்மா," என்றார் தொம்மை. ஆனாலும் பெட்டியை வாங்கினார். "கூவி. ஓகோ. கூவுமாக்கும்."

இன்னாசிமுத்துவின் கண்கள் பளிச்சிட்டன. படித்த நொடியில் புரிந்துகொண்டார்! அவர் நப்பின்னையைத் திரும்பிப் பார்த்தார். நப்பின்னை பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தொம்மை மூடியைத் திறந்து பொத்தானை அமுக்கினார். விளக்கு சிவப்பாக மின்னத் தொடங்கியது.

கைபேசியில் செயலாளர் குரல் வந்தது. "வந்துட்டும்மா. திரையில் தெரியுது."

அது தொம்மைக்குக் கேட்கவில்லை. அவர் பெட்டியைக் காதருகே கொண்டுபோனார். தலையைச் சாய்த்தார்.

"ஏல மிக்கேலு, சத்தத்தையே காணோமே."

"கொண்டா பார்ப்போம்." மிக்கேலும் காதில் வைத்துக் கேட்டார். "கூவலையே மாப்ள. நல்லா அமுக்கினியா?"

"அமுக்கினேன்டே."

"பெண்டாட்டி கன்னத்தைத் தொடுற மாதிரி தொட்டிருப்ப. இங்க தா."

மிக்கேல் கட்டைவிரலால் ஓங்கி அமுக்கினார். விளக்கு அணைந்தது.

"போயிட்டும்மா," என்றார் செயலாளர். "ரத்துன்னு காட்டுது."

"ம்ம்! ம்ம்ம்!" என்றார் இன்னாசிமுத்து. கை தானாக மேலே எழுந்தது. நப்பின்னை அதைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

மிக்கேல் பெட்டியைக் குலுக்கினார். தட்டினார். மறுபடி அமுக்கினார். காதில் வைத்தார். மறுபடி அமுக்கினார்.

"வருது. போகுது. வருது. போகுது," என்றார் செயலாளர். "என்னம்மா செய்யுதாங்க அங்க?"

"கூவிக்குத் தொண்டை கட்டிப்போச்சு," என்றார் மிக்கேல். "கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்."

தொம்மை பெட்டியை நப்பின்னையிடம் நீட்டினார். "நாங்க மூழ்கிட்டோம்மா. அடுத்த படகுல கேளுங்க."

அடுத்த படகிலும் அப்படியே. ஆள் வேறு, காது அதே இடத்துக்குப் போயிற்று. மூன்றாவது படகில் நப்பின்னை பெயரில்லாத பெட்டியைக் கொடுத்தார். அங்கே இருந்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூடியைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரமானது. பொத்தானை ஒருமுறை அமுக்கினார். சிவப்பு மின்னியது.

"ஏதோ எரியுது," என்றார். கீழே வைத்தார். பீடியைப் பற்றவைத்தார்.

பீடி பாதி ஆவதற்குள் விளக்கு பச்சையானது.

கடக் என்று ஒரு சத்தம். இன்னாசிமுத்து கருப்பட்டியைக் கடித்துவிட்டிருந்தார்.

டீக்கடையில் அவர் கண்ணாடித் தம்ளரைத் தொடவேயில்லை.

"மொட்டைப் பெட்டி பிழைச்சுது. என் பெயர் ஒட்டின பெட்டி மூழ்குது."

"ஆமாம்."

"அவங்களுக்குச் சொல்லிக் கொடுத்தா போச்சு டீச்சர். ஒருமுறை சொன்னா போதும், சத்தம் வராதுன்னு."

"நடுக்கடலில் யார் சொல்றது?"

இன்னாசிமுத்து மேசையைத் தட்டினார். "நான் ஒத்துக்கமாட்டேன். புகைவண்டியில் இப்போ புகை எங்கே இருக்கு? கரண்டில் ஓடுது. பெயர் தப்பு. அதுக்காக யாராவது புகை வரலைன்னு ஏறாமல் நின்னானா?"

பக்கத்து மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏறி உட்கார்ந்த பிறகுதான் அண்ணாச்சி புகை போச்சு," என்றார் நப்பின்னை.

இன்னாசிமுத்து டீயை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

"வண்டி பழகினவனுக்குப் பெயர் வெறும் பெயர்," என்று அவர் மெதுவாகச் சொன்னார். "பழகாதவன் பெயரைத்தான் முதலில் பார்க்கிறான். கூவின்னு சொன்னதும் காதைத் தீட்டிக்கிறான்."

நப்பின்னை இன்னொரு டீ சொன்னார்.

"சரி," என்றார் இன்னாசிமுத்து. "கூவி செத்தது. ஆண்டவர் அதுக்கு இளைப்பாற்றி கொடுக்கட்டும். வேற பார்ப்போம். இடர்காட்டி."

நப்பின்னை கரையில் நின்றிருந்த படகுகளின் பக்கம் பார்த்தார். ஒவ்வொன்றிலும் சுக்கான் அருகே ஒரு திசைகாட்டி.

இன்னாசிமுத்துவும் பார்த்தார்.

"திசைகாட்டி, கையில் வச்சிருக்கிறவனுக்குத் திசை காட்டுது. அப்போ இடர்காட்டின்னா... அடப்பாவி. புயல் வருதான்னு இதைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருப்பான். வேண்டாம். மீட்பான்?"

"இது மீட்குமா?"

"மீட்காது. சொல்லத்தான் செய்யும். அதோட இந்த ஊரில் மீட்பர்னு ஒருத்தர் ஏற்கெனவே இருக்கார். ஃபாதர் சண்டைக்கு வருவார்." அவரே சிரித்துக்கொண்டார். "அவசர உதவி வேண்டுதல் மின்கருவி."

"சொல்லி முடிக்கும்போது தண்ணி எங்கே நிற்கும்?"

"கழுத்தில்." அவர் தலையைச் சொறிந்தார். "பேசாமல் பீக்கன்னே விட்டுரலாமா? பேனாவை விட்டோமே. தூவல்னு எவ்வளவு அழகான சொல். யார் சட்டைப்பையில் தூவல் இருக்கு?"

"தூவல் வர்றதுக்குள்ளே பேனா எல்லார் பையிலும் போய் உட்கார்ந்துக்கிச்சு. பஸ்ஸும் அப்படித்தான். ஆனாலும் பேருந்து பலகையில் இருக்கு, செய்தியில் இருக்கு, பரீட்சைத்தாளில் இருக்கு. பாதி நாற்காலி கிடைச்சது. இந்தப் பெட்டி இன்னும் யார் கைக்கும் போகலை அண்ணாச்சி. நாற்காலி முழுசா காலி."

"காலியாத்தான் இருக்கு. உட்காரத்தான் ஆளில்லை."

இன்னாசிமுத்து வெளியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தனக்குத்தானே பேசுகிறவர் போலச் சொன்னார்.

"அந்தக் காலத்தில் வெளியூருக்கு ட்ரங்க் கால் போடுவோம் டீச்சர். எக்ஸ்சேஞ்சுக்கு வந்து எண்ணைக் கொடுத்துட்டு பெஞ்சில் உட்காருவாங்க. ஒரு சத்தமும் இருக்காது. ஆனா யாரும் எழுந்து வந்து போனைத் தட்டமாட்டாங்க. போயிருக்கு, வரும்னு உட்கார்ந்திருப்பாங்க. ஒரு பொம்பளை பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கிட்டு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தா. நான் போய் மன்னிச்சுக்கோம்மான்னேன். பரவாயில்லை சார், போனவன் வரவேண்டாமான்னா."

நப்பின்னை தம்ளரைக் கீழே வைத்தார்.

"போனவன்," என்றார் இன்னாசிமுத்து. "சத்தம் போடாமல் போறவன். அங்கே போய்ச் சொல்றவன். பதிலோடு திரும்பி வர்றவன். அதுவரைக்கும் நாம காத்திருக்கணும். டீச்சர்..."

அவர் எழுந்து நின்றுவிட்டார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"டீச்சர்! தூது!"

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "என்னய்யா ஆச்சு?"

"தூது வே! தூது!" இன்னாசிமுத்து அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். பிறகு நப்பின்னையிடம் ஓடி வந்தார். "பொத்தானை அமுக்குறது தூது விடுறது. சிவப்பு மின்னுதா, தூது போயிருக்கு. பச்சை வந்துச்சா, தூது சேர்ந்துருச்சு. மறுபடி அமுக்கினா தூதைத் திருப்பிக் கூப்பிடுறது. டீச்சர், வினைச்சொல் எதையும் நான் செய்யவே இல்லை! அதுவா கூட வந்திருக்கு!"

நப்பின்னையின் முகமும் சிவந்திருந்தது. ஆனால் குரல் மாறவில்லை.

"பழைய சொல் ஆச்சே. அதில் யாரோ உட்கார்ந்திருக்காங்களே."

"யாரு? ராஜாக்களா? அவங்க எழுந்து போய் எவ்வளவு நாளாச்சு! கணை வீட்டில் சும்மாதானே கிடந்துச்சு, எடுத்து ஏவுகணைன்னு வானத்துக்கு விடலையா? நிரல்னு ஒரு சொல் வரிசைன்னு அர்த்தம் வச்சுக்கிட்டு மூலையில் கிடந்துச்சு, கம்ப்யூட்டருக்கு எழுதுற கட்டளையெல்லாம் இப்போ நிரல்தானே? பூட்டின வீடு. சாவி நம்மகிட்ட இருக்கு."

"பாக்குவெட்டிக்குத் தங்கச்சி இல்லையே இது?"

"இல்லை. பாட்டிக்குப் புதுச்சேலை."

நப்பின்னை காசைக் கொடுத்துவிட்டு எழுந்தார். "வாங்க, போகலாம்."

"தொம்மைகிட்டயா?"

"தொம்மைக்கு இப்போ பெட்டி தெரியும். தெரியாத ஆட்கள் வேணும். அடுத்த துறைக்குப் போவோம்."

ஷேர் ஆட்டோவில் இன்னாசிமுத்து முழங்காலை ஆட்டிக்கொண்டே வந்தார். பெட்டியில் 'கூவி' இருந்த இடத்தில் புதுத் தாள் ஒட்டி, பேனாவால் 'தூது' என்று அவரே எழுதியிருந்தார்.

அடுத்த துறையில் நான்கு பேர் மணலில் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். நப்பின்னை அதே வார்த்தைகளைச் சொன்னார். தண்ணி ஏறுகிறது, இஞ்சின் நின்றுவிட்டது, இது ஒன்றுதான். இன்னாசிமுத்துவின் வாயில் கருப்பட்டி இருந்தது.

"தூதா?" என்றார் சீட்டுக்கட்டை வைத்திருந்தவர். "யாருக்கு?"

நப்பின்னை பேசவில்லை.

"கரைக்குத்தான்டே, வேற யாருக்கு," என்றார் எதிரே இருந்தவர். "விட்டுப் பாரு."

முதலாமவர் பொத்தானை அமுக்கினார். சிவப்பு மின்னியது.

"போச்சா?"

"போயிருக்கு போல. மின்னுதுல்ல."

"அப்போ வரட்டும். நீ சீட்டைப் போடு. நழுவப் பார்க்காத."

பெட்டி மணலில் மின்னிக்கொண்டே இருந்தது. யாரும் அதைத் தொடவில்லை. யாரும் காதில் வைக்கவில்லை. மூன்றாவது சீட்டு விழுந்தபோது விளக்கு பச்சையானது.

"இந்தா, சேர்ந்துட்டு," என்றார் அந்த மனிதர், சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இன்னாசிமுத்து மணலில் உட்கார்ந்தார். வாயில் கருப்பட்டி கரைந்தது; கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. அன்று மாலைக்குள் இன்னும் சில கூட்டங்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரே ஒருவர் மட்டும் இரண்டாவது முறை அமுக்கினார். ஏன் என்று நப்பின்னை கேட்டார். "தண்ணி ஏறலையேம்மா, நீங்க சும்மாதானே சொன்னீங்க. பாவம், போனதைத் திரும்ப வரச் சொல்லிட்டேன்," என்றார் அவர்.

லேபிள் அச்சானது. பெட்டிகள் கடலுக்குப் போயின.

வடகிழக்குப் பருவக்காற்றின்போது ஒரு படகு கவிழ்ந்தது. ஆறு பேரும் உயிரோடு கரை சேர்ந்தார்கள். செயலாளர் நப்பின்னையைக் கூப்பிட்டு, "தூது போய்ச் சேர்ந்துச்சும்மா," என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் இன்னாசிமுத்துவும் நப்பின்னையும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இன்னாசிமுத்து இஸ்திரி போட்ட சட்டை அணிந்திருந்தார். துணிப்பையில் புதுத் தொகுதி இருந்தது. அச்சு மை மணம் இன்னும் போகவில்லை. 'த' வரிசையில் ஒரு பக்கத்தில், தூது என்ற சொல்லுக்குப் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள் அவர் பெயர். பஸ்ஸில் வரும்போது மூன்று முறை எடுத்துப் பார்த்தார்.

படகோட்டி அந்தோணியடிமை கட்டிலில் சாய்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உப்பில் வெந்த முகம். கண்கள் மட்டும் சிரித்தன.

"ரெண்டு ஆள் உயரம் அலை சார்! படகு ஒருக்களிச்சுட்டு. நான் பயக்கிட்ட கத்துதேன், ஏல தூது விடு, தூது விடுன்னு. விட்டுட்டான். சிவப்பு மின்னுது. இன்னொருத்தன், அமுக்குவோமா அண்ணே, இன்னொரு தடவை அமுக்குவோமாங்கான். ஏல மூதி, போனவன் போயிட்டு வரட்டும், கையை எடுன்னேன். கவிழ்ந்து கிடந்த படகைப் பிடிச்சுக்கிட்டு அந்த விளக்கையே பார்த்துக்கிட்டுக் கிடந்தோம். பச்சை வந்துச்சு பாருங்க! மாதாவே! அப்பவே நாங்க பிழைச்சுட்டோம். கப்பல் பிறகுதான் வந்துச்சு."

இன்னாசிமுத்துவின் கண்கள் நிறைந்திருந்தன. அவர் கட்டிலுக்கு நெருங்கி வந்தார்.

"தூதுன்னு அந்தப் பெயர்..."

"ஓ, அதுவா." அந்தோணியடிமை சட்னியைத் தொட்டுக்கொண்டார். "உங்களுக்குப் புரிஞ்சிருக்காது. அது அந்த மஞ்சள் பெட்டி சார். கவர்மெண்டோ கம்பெனியோ அதுக்கு என்னமோ பெயர் வச்சிருப்பாங்க. லேபிளெல்லாம் உப்புத்தண்ணியில் போயிட்டு. நாங்க தூதுன்னுதான் சொல்லுவோம். படிச்சவங்களுக்குத் தெரியாது. இது கடல் வார்த்தை."

"கடல் வார்த்தை," என்றார் இன்னாசிமுத்து.

"எங்க பாட்டன் காலத்து வார்த்தை சார். கட்டுமரம் ஓட்டினப்பவே உண்டு. புதுசா எவனாலயும் இப்படி ஒரு சொல் வைக்க முடியுமா, சொல்லுங்க?"

இன்னாசிமுத்துவின் கை துணிப்பைக்குள் போயிற்று. தொகுதியின் அட்டை விரல்களில் பட்டது. அவர் வாயைத் திறந்தார்.

பக்கத்தில் ஒரு சிறிய சத்தம். நப்பின்னை தகர டப்பாவைத் திறந்து அவருக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருந்தார்.

இன்னாசிமுத்து டப்பாவைப் பார்த்தார். நப்பின்னையைப் பார்த்தார். அந்தோணியடிமை இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தார்.

பைக்குள்ளிருந்து கை வெறுமையாக வெளியே வந்தது. ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"மெல்லாதீங்க அண்ணாச்சி," என்றார் நப்பின்னை. "கரையட்டும்."